தேயிலைக்கு வாரா வாரம் ஏலம். திருடிய சேமலாப நிதிக்கு ஏன் ஏலம் இல்லை?



தீர்ப்பு என்பது ஒரு காகிதம். அதைக் கடையில் நீட்டினால் அரிசி கிடைக்காது. தோற்றவன் "கட்ட மாட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றால், அந்தக் காகிதத்தைக் காசாக்குவதற்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அவனுடைய சொத்தைக் கைப்பற்றி, பகிரங்க ஏலத்தில் விற்று, வரும் காசில் கடனைத் தீர்ப்பது அந்த வழி. ஆங்கிலேயர் காலத்தில், 1889இல் வந்த குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் இது எழுதப்பட்டிருக்கிறது. வங்கிகளுக்கும் வட்டிக் கம்பனிகளுக்கும் இந்த வழி மனப்பாடம். நமக்குக் காசு கட்ட வேண்டிய தோட்ட முதலாளிமார் விஷயத்தில் மட்டும் இது எல்லோருக்கும் மறந்துபோகிறது.

நாம் பறிக்கும் கொழுந்து தூளாகி கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. 1883 முதல் அந்த ஏலம் நடக்கிறது. தேயிலைக்கு ஏலம் போடத் தெரிந்த நாட்டில், தொழிலாளியின் சேமலாப நிதியை விழுங்கிய முதலாளியின் லொறிக்கு ஏலம் போட ஏன் கை வரவில்லை? இதுதான் எமது கேள்வி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் 200 பேர் வேலை செய்கிறார்கள். கணக்கு இலகுவாக இருக்க நாட்சம்பளம் 1,000 ரூபாய், மாதம் 25 பெயர் என்று வைப்போம். ஆளுக்குச் சம்பளம் 25,000 ரூபாய். அதில் தொழிலாளியின் பங்கு 8 வீதம், அதாவது 2,000 ரூபாய், சம்பளத்திலேயே வெட்டப்படுகிறது. முதலாளி தன் பங்காக 12 வீதம், 3,000 ரூபாய் போட வேண்டும். இரண்டும் சேர்ந்து ஆளுக்கு 5,000 ரூபாய் மத்திய வங்கிக்குப் போக வேண்டும். 200 பேருக்கு மாதம் 10 இலட்சம்.

இந்த முதலாளி 24 மாதம் கட்டவில்லை. நிலுவை 2 கோடியே 40 இலட்சம். அதில் 96 இலட்சம் நம் சம்பளத்தில் வெட்டிய காசு. அதாவது அவர் தன் பங்கைக் கட்டாதது ஒரு பக்கம்; நம் கையில் வர வேண்டியதை "உன் கணக்கில் போடுகிறேன்" என்று சொல்லி வாங்கி, போடாமல் விட்டது மறு பக்கம். கடைக்காரரிடம் கொடுக்கச் சொல்லி ஒருவர் கையில் காசைக் கொடுத்து, அவர் அதைத் தன் பையில் போட்டுக்கொண்டால் அதற்கு ஊரில் என்ன பெயர்? ஆபிஸில் அதற்கு "நிலுவை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

தாமதத்துக்கு மிகைக் கட்டணம் உண்டு. பத்து நாள் வரை பிந்தினால் 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடத்தைத் தாண்டினால் 50 வீதம் வரை போகிறது. எல்லா மாதமும் ஒரு வருடத்தைத் தாண்டிவிட்ட பிறகு கணக்குப் பார்த்தால் 1 கோடியே 20 இலட்சம் மிகைக் கட்டணம். மொத்தம் 3 கோடியே 60 இலட்சம்.

இந்தத் தொகையை அறவிட 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் இரண்டு கதவுகளைக் காட்டுகிறது. முதல் கதவு 17ஆம் பிரிவு. தொழில் ஆணையாளர் இவ்வளவு தொகை நிலுவை என்று ஒரு சான்றிதழை மாவட்ட நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். மற்ற வழக்குகளைப் போல சாட்சி கூப்பிட்டு, வருடக் கணக்கில் விசாரித்து, தீர்ப்பு வாங்கிய பிறகு நிறைவேற்றக் கேட்க வேண்டியதில்லை. சான்றிதழ் வந்தால் நீதிமன்றம் பிஸ்கலுக்கு எழுத்தாணை கொடுக்கும். முதலாளியின் அசையும் சொத்தையும் அசையாச் சொத்தையும் கைப்பற்றி விற்று இந்தத் தொகையை எடு என்பதுதான் அந்த ஆணை.

இரண்டாவது கதவு 38ஆம் பிரிவு. சொத்தைக் கைப்பற்றுவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று ஆணையாளர் கருதினால், அல்லது விற்றும் முழுத் தொகை வரவில்லை என்றால், சான்றிதழ் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே அந்தத் தொகை தண்டப் பணமாகக் கருதி அறவிடப்படும்.

வரிசையைக் கவனியுங்கள். சட்டத்தின்படி சொத்தில் கைவைப்பது முதல். அது சரிவராதபோதுதான் நீதவான். ஆனால் நடப்பது என்ன? கோப்பு நேராக இரண்டாவது கதவுக்குப் போகிறது. முதல் கதவு ஏன் சரிவரவில்லை என்று நம்மிடம் யாரும் சொல்வதில்லை. அதைத் திறந்து பார்த்தார்களா என்பதும் தெரியாது.

நீதவான் நீதிமன்றத்தில் முதலாளியின் சட்டத்தரணி எழுந்து, "கனம் நீதவான் அவர்களே, தேயிலை விலை சரியில்லை, மாதம் 5 இலட்சமாகக் கட்டுகிறோம்" என்பார். சரி என்று வைத்துக்கொள்வோம். 3 கோடியே 60 இலட்சத்தை 5 இலட்சமாகக் கட்டி முடிக்க 72 மாதம், அதாவது ஆறு வருடம். அதற்குள் மாதா மாதம் புதிதாக 10 இலட்சம் கட்ட வேண்டியிருக்கிறது. பழையதற்கு 5 இலட்சம் கட்டிக்கொண்டு புதியதைக் கட்டாமல் விட்டால், அவர் கடனை அடைக்கவில்லை, மாதம் 5 இலட்சம் இலாபத்தில் கடனைப் பெருக்குகிறார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது. இதற்குப் பெயர் அறவீடு அல்ல. முதலாளிக்கு வட்டியில்லாக் கடன். கடன் கொடுத்தவர்கள் நாம்.

ஆகவே முதல் கதவைப் பற்றிப் பேச வேண்டும். அதற்குள் நுழைந்தால் என்ன நடக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று தெரிந்துகொண்டால்தான் அதைத் திறக்கச் சொல்லிக் கேட்க முடியும்.

எழுத்தாணை கையில் கிடைத்தால் பிஸ்கல் உத்தியோகத்தர் 48 மணித்தியாலத்துக்குள் கடனாளியின் இருப்பிடத்துக்குப் போய்ப் பணத்தைக் கேட்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் கைப்பற்றல். அசையும் சொத்தை நேரில் கையகப்படுத்த வேண்டும். காணி, கட்டடம் என்றால் விற்கவோ கைமாற்றவோ கூடாது என்று தடை அறிவித்தல் கொடுத்து, அதைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். பதிந்த பிறகு முதலாளி அந்தக் காணியை மைத்துனனுக்கு எழுதினாலும் அந்த எழுத்து இந்தக் கடனுக்கு எதிராகச் செல்லாது.

இங்கேதான் முதல் வழுக்கல். எதைக் கைப்பற்றுவது என்று பிஸ்கலுக்கு யார் சொல்வது? அவர் தோட்டத்தைப் பார்த்ததே இல்லை. ஆபிஸுக்கு வந்து கேட்டால் கிளாக்கர் கையை விரிப்பார். பங்களாவில் இருக்கும் கதிரை மேசையைக் காட்டுவார். பிஸ்கல் திரும்பிப் போய், "கைப்பற்றக்கூடிய சொத்து எதுவும் இல்லை" என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவார். கதை முடிந்தது. வழமையான குடியியல் வழக்கில் தீர்ப்பு வாங்கியவர், 219ஆம் பிரிவின்படி கடனாளியை நீதிமன்றத்துக்கு அழைத்து உன் சொத்து எங்கே, உனக்கு யார் கடன்பட்டிருக்கிறார் என்று சத்தியத்தின் மேல் விசாரிக்கக் கேட்கலாம். அந்த வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொத்தைக் காட்டிக் கொடுக்கும் வேலை காசு கேட்பவரின் தலையில்தான் விழுகிறது.

அந்தச் சொத்தை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? எந்த லொறி எத்தனை மணிக்கு ஸ்டோரிலிருந்து புறப்படுகிறது, எந்த டிரைக்டர் எந்த வாகனத்தில் வருகிறார், புதிதாக வந்த மெஷின் எது, தூள் எத்தனை பை அடுக்கியிருக்கிறது என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த அறிவு மடுவத்துப் பேச்சாக மட்டும் இருக்கிறது. அது எழுத்தாகி தொழில் ஆணையாளரின் கோப்பில் ஏறவில்லை.

இரண்டாவது வழுக்கல், "தோட்டத்தையே ஏலம் போடு" என்ற நமது கோபம். மேடையில் கைதட்டு வாங்கும் பேச்சு அது. நடைமுறையில் நம்மை ஏமாற்றும் பேச்சு. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது நிலம் விற்கப்படவில்லை. அது அரசுடையதாகவே இருக்க, கம்பனிகள் நீண்ட காலக் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. கடனாளிக்கு எந்த உரிமை இருக்கிறதோ அதை மட்டும்தான் பிஸ்கல் விற்க முடியும். குத்தகைக்காரனின் கடனுக்காக மலையை விற்க முடியாது. தனியார் சொந்தமாக வைத்திருக்கும் சிறிய தோட்டம் என்றால் நிலம் அவருடையதுதான். ஆனால் அதில் வங்கியின் ஈடு முன்னரே ஏறியிருக்கலாம். அப்படியானால் வங்கி போகத்தான் மிச்சம். ஆகவே நிலத்தில் கண் வைப்பதற்கு முன் காணிப் பதிவகத்தில் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழுக்கல் வாகனங்கள். பிஸ்கல் லொறியைப் பிடித்த மறுநாளே யாராவது ஒருவர் வந்து, "இது என்னுடையது, தோட்டத்துக்கு வாடகைக்குக் கொடுத்தேன்" என்பார். சட்டம் இதற்கு இடம் வைத்திருக்கிறது. 241ஆம் பிரிவின்படி அந்த உரிமைக் கோரிக்கையை நீதிமன்றம் விசாரிக்க வேண்டும். உண்மையாகவே வேறொருவருடைய வாகனம் என்றால் விட்டுவிடத்தான் வேண்டும், லீசிங் கம்பனிக்குச் சொந்தமான வாகனமும் அப்படித்தான். ஆனால் நேற்று வரை முதலாளியின் பெயரில் இருந்து, வழக்கு வாசனை அடித்ததும் மகன் பெயருக்குப் போன லொறியா என்பது பதிவைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதனால்தான் வாகன இலக்கங்களை இன்றே எழுதி வையுங்கள் என்கிறோம். பிஸ்கல் வரும் நாளில் எழுதத் தொடங்கினால் பிந்திவிடும்.

அப்படியானால் எதில் கைவைப்பது? நாங்கள் சொல்வது தேயிலைக் காசில்.

தோட்டத்திலிருந்து தூள் கொழும்புக்குப் போகிறது. புரோக்கர் அதை ஏலத்தில் விற்கிறார். வாங்கியவர் பணம் கட்டுகிறார். புரோக்கர் தன் கழிவை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தோட்டத்துக்கு அனுப்புகிறார். இடையில் சில நாள், அந்தக் காசு புரோக்கரின் கையில் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அது புரோக்கர் முதலாளிக்குக் கொடுக்க வேண்டிய கடன். அந்தக் கடனும் ஒரு சொத்து. 229ஆம் பிரிவின்படி பிஸ்கல் ஒரு எழுத்து அறிவித்தல் மூலம் அதைக் கைப்பற்றலாம்: புரோக்கர் அந்தக் காசை முதலாளிக்குக் கொடுக்கக் கூடாது, முதலாளி அதை வாங்கக் கூடாது. லொறியைத் துரத்த வேண்டாம், பூட்டை உடைக்க வேண்டாம், ஏலத்தில் யார் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். சொத்து ஏற்கெனவே ஏலம் போய்க் காசாகி நிற்கிறது.

நம் உதாரணத் தோட்டத்துக்கு வருவோம். வாரம் 3,000 கிலோ தூள் போகிறது, கிலோ 1,000 ரூபாய் என்று வைத்தால் வாரம் 30 இலட்சம். முழுவதையும் பிடித்துக்கொண்டால் சம்பளம் கொடுக்கக் காசு இராது. அதை நாமும் விரும்பவில்லை. ஆனால் அறிவித்தல் புரோக்கரின் மேசைக்குப் போன பிறகு முதலாளி பேச்சுவார்த்தைக்கு வரும் தோரணையே வேறாக இருக்கும். வாரத்துக்கு 10 இலட்சம், ஏலக் காசில் மூன்றில் ஒரு பங்கு, நேராக நிதிக்குப் போகட்டும் என்று உடன்பட்டால் 36 வாரத்தில் கணக்குத் தீருகிறது. நீதவான் நீதிமன்றத்தில் ஆறு வருடம் என்று பார்த்தோம். இங்கே ஒன்பது மாதம் கூட இல்லை.

இதிலும் எல்லை உண்டு, மறைக்க மாட்டோம். அறிவித்தல் போகும் நேரத்தில் புரோக்கர் கொடுக்க வேண்டியிருக்கும் காசைத்தான் அது பிடிக்கும். இன்னும் விற்கப்படாத தேயிலையின் காசை முன்கூட்டியே பிடிக்காது. ஆகவே ஒரு முறை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. இன்னொன்று, பல தோட்டங்கள் புரோக்கரிடம் முற்பணம் வாங்கி ஓடுகின்றன. அப்படியானால் புரோக்கர் தன் முற்பணத்தைக் கழித்த பிறகே மிச்சம் நிற்கும். அது சிறியதாக இருந்தால் வங்கிக் கணக்கு, சொந்த வாகனங்கள், வேறு ஊரில் இருக்கும் கட்டடம் என்று பட்டியலில் அடுத்ததற்குப் போக வேண்டும்.

கட்டடமோ காணியோ ஏலத்துக்கு வந்தால் ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். ஏலத்தில் கேட்டவர் அன்றே விலையில் 25 வீதம் கட்ட வேண்டும்; மிச்சத்தை 30 நாளுக்குள். அறிவித்தல் ஒழுங்காகப் போடப்படவில்லை, ஏலம் ஒழுங்காக நடக்கவில்லை, அதனால் நட்டம் வந்தது என்றால் விற்பனையை இரத்துச் செய்யக் கேட்கலாம். முதலாளியின் ஆட்கள் நான்கு பேர் மட்டும் வந்து அடிமாட்டு விலைக்குக் கேட்டுப்போவதைத் தடுக்க, ஏல நாளில் தொழிற்சங்கம் அங்கே நிற்க வேண்டும். யார் கேட்டார், என்ன விலைக்குப் போனது என்று எழுதி வைக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் துரைமார் ஒரு பல்லவி பாடுவார்கள். "ஏலம் வந்தால் தோட்டம் மூடப்படும், உங்களுக்குத்தான் வேலை போகும்." சில தோழர்களும் இதற்குப் பயப்படுகிறார்கள். பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தொழிற்சாலையின் உருளையைக் கழற்றி விற்றால் அடுத்த நாள் கொழுந்து எங்கே அரையும்? அதனால்தான் எதை முதலில் பிடிப்பது என்ற வரிசை முக்கியம் என்கிறோம். பிஸ்கல் எடுக்க வேண்டியது கடனுக்குப் போதுமான அளவு மட்டுமே. தேயிலைக் காசும் சொகுசு வாகனமும் இருக்கும்போது மெஷினில் கை வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நம் சம்பளத்தில் வெட்டிய 96 இலட்சத்தைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு தோட்டம் மூடப்படும் என்றால், அந்தத் தோட்டம் இதுவரை ஓடியது தேயிலையில் அல்ல, நம் கிழவயதுக் காசில்.

இதே சட்டம் நம் பக்கம் திரும்பும்போது எவ்வளவு வேகம் என்பதையும் பார்த்திருக்கிறோம். கடன் கம்பனிக்கு இரண்டு தவணை பிந்தினால் லயத்து வாசலில் ஆள் நிற்கிறது. "பிஸ்கல் வருவார், எல்லாவற்றையும் அள்ளுவார்" என்று பெண்களை மிரட்டுகிறார்கள். அவர்கள் சொல்லாததை நாங்கள் சொல்கிறோம். நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் பிஸ்கல் வர முடியாது. வந்தாலும் 218ஆம் பிரிவு சில பொருட்களைத் தொடக் கூடாது என்கிறது: உடுத்தும் உடுப்பு, படுக்கை விரிப்பு, தொழில் செய்யும் கருவி, கூலித் தொழிலாளியின் சம்பளம். இது ஏழைக்கு வைத்த வேலி. பணக்காரனுக்கு அப்படி வேலி இல்லை. ஆனால் அவனை யாரும் நெருங்குவதும் இல்லை.

ஆகவே தொழில் திணைக்களத்திடம் நாம் கேட்பது புதிய சட்டம் அல்ல. ஒரு வருடத்துக்கு மேல் சேமலாப நிதி கட்டாத ஒவ்வொரு தோட்டத்துக்கும் முதலில் 17ஆம் பிரிவின்படி சான்றிதழ் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். போகவில்லை என்றால், சொத்தைக் கைப்பற்றுவது ஏன் ஒத்துவராது என்று எழுத்தில் தொழிற்சங்கத்துக்குச் சொல்ல வேண்டும். தேயிலை விற்ற காசில் கைவைப்பதை முதலில் பரிசீலிக்க வேண்டும். சான்றிதழ் அனுப்பும் அதிகாரம் ஆணையாளரின் கையில். அதை நாம் அனுப்ப முடியாது. ஆனால் "சொத்து தெரியாது" என்று அவர் சொல்ல முடியாதபடி செய்ய நம்மால் முடியும்.

அதற்கான வேலை தோட்டக் கமிட்டிகளுடையது. இந்த மாதக் கூட்டத்தில் ஒரு கொப்பியை எடுங்கள். முதலாளியின் அல்லது கம்பனியின் பதிவுப் பெயரை, சம்பளச் சிட்டையில் உள்ளபடி எழுதுங்கள். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் எழுத்தாணை வேறு ஆளைத் தேடிப் போகும். தோட்டத்து வாகனங்களின் இலக்கம், தூள் எந்தப் புரோக்கருக்குப் போகிறது, வாரத்துக்கு எத்தனை பை, சம்பளம் எந்த வங்கியிலிருந்து வருகிறது என்று குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பார்த்தவர் பெயரும் தேதியும் இருக்கட்டும். சேமலாப நிதி வெட்டப்பட்ட சம்பளச் சிட்டைகளை அதோடு சேர்த்து வையுங்கள். பிரதியொன்றை மாவட்டக் காரியாலயத்துக்குக் கொடுங்கள். அந்தக் கொப்பிகளோடு உதவித் தொழில் ஆணையாளரின் மேசைக்குப் போவோம். அதற்குப் பிறகு சொத்து எங்கே என்று நம்மிடம் யாரும் கேட்க முடியாது. ஏன் இன்னும் கைவைக்கவில்லை என்று நாம்தான் கேட்போம்.